இழுவிசைக் கம்பிக்குப் பிடிப்பு நீளம், லேப், கொக்கி: சைட்டில் அடிக்கடி வரும் கேள்விகள்

இரண்டு மூன்று மாடி வீடு கட்டுகிறவர்களும், அங்கே மேற்பார்வை பார்க்கும் இளம் இன்ஜினியர்களும் கேட்பவை இவை. கணக்கெல்லாம் ஐ.எஸ். 456:2000 விதிப்படி. நிலநடுக்கம் தொடர்பான இடங்களில் ஐ.எஸ். 13920:2016. வேறு சொல்லாத இடத்தில் எம்25 கான்கிரீட், எஃப்இ500 முறுக்குக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்மென்ட் லெங்த் டெவலப்மென்ட் லெங்த்னு சொல்றாங்களே, அது எங்கேர்ந்து வருது?

ஒரு 16 மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 201 சதுர மி.மீ. டிசைன் கணக்கில் எஃப்இ500 கம்பி ஏற்கும் அழுத்தம் 0.87 × 500, அதாவது சதுர மி.மீட்டருக்கு 435 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் சுமார் 87 கிலோ நியூட்டன். விரல் பருமன் கம்பி ஒன்று கிட்டத்தட்ட 9 டன் இழுக்கிறது. அந்த 9 டன்னையும் கான்கிரீட் கம்பியைப் பற்றிக்கொண்டுதான் தாங்க வேண்டும்.

எம்25 கான்கிரீட்டுக்கு விதி அனுமதிக்கும் பற்று அழுத்தம், மழமழப்பான கம்பி என்றால் 1.4. வரி உள்ள கம்பிக்கு இதை 60 சதவீதம் கூட்டலாம், 2.24 ஆகிறது. 16 மி.மீ. கம்பியின் சுற்றளவு சுமார் 50 மி.மீ. ஆகவே ஒவ்வொரு மி.மீ. நீளத்திலும் 113 நியூட்டன் கான்கிரீட்டுக்கு இறங்குகிறது. 87 கிலோ நியூட்டனும் இறங்கி முடிய 777 மி.மீ. வேண்டும். இதுதான் பிடிப்பு நீளம். விதியில் இருக்கும் சூத்திரம் இதே கணக்கின் சுருக்கம்:

```
Ld = φ × σs / (4 × τbd)
   = 16 × 435 / (4 × 2.24) = 777 mm
```

விட்டத்தைப் போல் 48.5 மடங்கு, சைட்டுக்கு 49 மடங்கு என்று எழுதிக் கொடுப்போம், 784 மி.மீ.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கம்பியின் வரிகள் கான்கிரீட்டைச் சாய்வாகத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலில் ஒரு பங்கு வெளிப்பக்கமாகப் போய் கவரைப் பிளக்கப் பார்க்கும். வரிக் கம்பியில் பற்று தோற்கும்போது பெரும்பாலும் கம்பி வழுக்கி வெளியே வருவதில்லை. அதற்கு முன்பே கம்பி ஓடும் திசையிலேயே நெடுக ஒரு விரிசல் விழும். கவர் கனமும் ஸ்டிரப்பும் லேப் கணக்கில் ஏன் வந்து நிற்கின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

எங்க மேஸ்திரி எல்லாத்துக்கும் "50 டி போட்டா போதும்"ங்கிறார். சரிதானா?

எம்25, எஃப்இ500 என்றால் சரி. தேவை 49, அவர் தருவது 50. ஆனால் எம்20 கான்கிரீட்டில் அதே கம்பிக்கு 57 மடங்கு வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு 912 மி.மீ. வேண்டிய இடத்தில் 800 மி.மீ.தான் கிடைக்கும். எஃப்இ550 கம்பி வாங்கியிருந்தால் எம்20-இல் 63 மடங்கு, எம்25-இல் 54 மடங்கு.

முன்பு எஃப்இ415 புழக்கத்தில் இருந்தபோது எம்20-க்கு 47 மடங்கு போதும். அந்தக் காலத்துக்கு 50 டி தாராளமாக இருந்தது. பிறகு கம்பியின் பலம் ஏறியது, கான்கிரீட் பல வீடுகளில் எம்20-இலேயே நின்றது, கைக்கணக்கு மாறவில்லை. பலமான கம்பி போட்டால் நீளம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு: கம்பி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நீளம் வேண்டும்.

என் சொந்தக் கருத்து: சைட்டிலேயே மிக்சரில் கலக்கி, பாண்டில் ஜல்லி அளந்து போடும் கான்கிரீட் என்றால், வரைபடத்தில் எம்25 என்று இருந்தாலும் 57 மடங்கே பிடியுங்கள். கூடுதல் கம்பிச் செலவு அற்பம்.

லேப் நீளமும் டெவலப்மென்ட் லெங்த்தும் ஒண்ணுதானே?

வளைவினால் இழுவிசை வரும் இடத்தில், அதாவது பீம், ஸ்லாப் இவற்றில், லேப் நீளம் பிடிப்பு நீளம் அல்லது விட்டத்தின் 30 மடங்கு, இவற்றில் எது பெரிதோ அது. நம் கணக்கில் எப்போதும் பிடிப்பு நீளமே பெரிதாக வரும். ஆனால் முழு உறுப்பும் நேரடியாக இழுபடும் இடத்தில், உதாரணமாக இழுகட்டை அல்லது வட்டத் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் கிடைக் கம்பி, அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். இழுகட்டையில் லேப்பைச் சுற்றி 6 மி.மீ.க்குக் குறையாத சுருள் கம்பியும், சுருளுக்குச் சுருள் 100 மி.மீ.க்கு மிகாமல், சுற்றச் சொல்கிறது விதி.

விட்டம் வேறுபடும் கம்பிகளை லேப் செய்தால் சிறிய கம்பியை வைத்துக் கணக்கிட வேண்டும். 20-உம் 16-உம் சேர்ந்தால் 784 மி.மீ. போதும். மிகத் தடித்த கம்பிக்கு லேப்பே கூடாது. வீட்டு வேலையில் அந்தப் பேச்சு எழாது.

இன்னொன்று, பலர் கேட்காமலே நம்புவது: லேப்பில் இறுக்கிச் சுற்றும் கட்டுக் கம்பி விசை எதையும் கடத்துவதில்லை. கான்கிரீட் போடும்போது கம்பி நகராமல் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. விசை ஒரு கம்பியிலிருந்து கான்கிரீட்டுக்கும், கான்கிரீட்டிலிருந்து அடுத்த கம்பிக்கும் போகிறது. அதனால் குட்டையான லேப்பை நான்கு இடத்தில் முறுக்கிக் கட்டி ஈடுசெய்ய முடியாது.

பீம்ல லேப் எங்கே போடணும்? மேல் கம்பி, கீழ்க் கம்பி ரெண்டுக்கும் ஒரே இடமா?

இழுவிசை குறைவாக இருக்கும் இடத்தில். மேல் கம்பிக்கு இழுவை தூணின், அதாவது காலத்தின், முகத்தில் அதிகம், நடு ஸ்பானில் குறைவு; ஆகவே மேல் கம்பி லேப் நடுவில். கீழ்க் கம்பி நடு ஸ்பானில் இழுபடுகிறது. அங்கே லேப் கூடாது. அந்தக் குறுக்குவெட்டின் தாங்குதிறனில் பாதிக்கு மேல் வளைவு வரும் இடத்தில் லேப்பைத் தவிர்க்கச் சொல்கிறது ஐ.எஸ். 456.

அப்படியானால் கீழ்க் கம்பி லேப்பை சப்போர்ட் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். 13920 அதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. ஜாயின்ட்டுக்குள் கூடாது, காலம் முகத்திலிருந்து பீமின் பயன் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் கூடாது, நிலநடுக்கத்தில் கம்பி இளகக்கூடிய இடத்தை ஒட்டிய கால் ஸ்பானிலும் கூடாது. லேப் நீளம் முழுக்க ஸ்டிரப் 150 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் வர வேண்டும்.

இதையெல்லாம் 5 மீட்டர் ஸ்பானில் வைத்துப் பார்த்தால் கீழ்க் கம்பிக்கு நல்ல இடமே மிஞ்சாது. லேப்பே இல்லாமல் செய்வதுதான் வழி. கம்பி 12 மீட்டர் நீளம் வருகிறது. ஒரு ஸ்பானுக்கு ஒரே துண்டு, இரண்டு முனையிலும் பிடிப்பு. அல்லது இரண்டு ஸ்பானுக்குச் சேர்த்து ஒரே கம்பி. பல வீடுகளில் நடு பீமில் லேப் விழுவதற்குக் காரணம் டிசைன் அல்ல. லாரியில் ஏற்ற கம்பியை நடுவில் மடக்கி அனுப்புகிறார்கள், கம்பி கட்டுகிறவர் மடிப்பில் வெட்டி 6 மீட்டர் துண்டாக்குகிறார், அப்புறம் எல்லாம் துண்டுக் கணக்கு. கம்பி வெட்டும் பட்டியலை முதல் நாளே எழுதிக் கொடுத்தால் இது பாதி குறையும்.

எல்லாக் கம்பியையும் ஒரே இடத்துல லேப் பண்ணினா என்ன?

ஒரே குறுக்குவெட்டில் பாதிக்கு மேல் கம்பிகள் லேப் ஆகக் கூடாது. தள்ளித் தள்ளிப் போடும்போது ஒரு லேப்பின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் லேப் நீளத்தைப் போல் 1.3 மடங்கு தூரம் வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு 1.3 × 784, சுமார் 1 மீட்டர் 2 செ.மீ. ஒரு சாண் தள்ளிவிட்டு "ஸ்டேகர் பண்ணியாச்சு" என்பது கணக்கில் சேராது. விதியின் கண்ணில் அவை ஒரே இடத்து லேப்தான்.

வரைபடத்துல சில இடத்துல லேப் 1100னு போட்டிருக்கே, ஏன் 784 இல்லை?

784-ஐ 1.4-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். இரண்டு சூழ்நிலையில் இந்தப் பெருக்கம் வரும். ஒன்று, கம்பி பீமின் மேற்பகுதியில் இருந்து, கவர் விட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால். கான்கிரீட் போட்டு அதிர்வு கொடுத்த பிறகு ஜல்லி கீழே அமர, தண்ணீர் மேலே ஏறி, மேல் கம்பியின் அடிவயிற்றில் தங்கும். அங்கே பற்று பலவீனம். இரண்டாவது, கம்பி மூலையில் இருந்து ஏதாவது ஒரு பக்கக் கவர் இரண்டு மடங்குக்குக் குறைந்தால். அல்லது அடுத்தடுத்த லேப்களுக்கு நடுவே இடைவெளி 75 மி.மீ., விட்டத்தின் 6 மடங்கு, இவற்றில் பெரியதைவிடக் குறைந்தால். இரண்டு சூழ்நிலையும் சேர்ந்தால் பெருக்கம் 1.4 அல்ல, 2.

230 மி.மீ. அகல பீமில் இது எவ்வளவு மெல்லிய கோட்டில் நிற்கிறது பாருங்கள். ஸ்டிரப்புக்கு 25 மி.மீ. கவர், ஸ்டிரப் 8 மி.மீ.; ஆகவே 16 மி.மீ. கம்பிக்குக் கிடைக்கும் கவர் 33. வேண்டியது 32. தப்பித்தோம். கவர் பிளாக் உடைந்து கம்பிக்கூடு 5 மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்தால் 28 ஆகிவிடும், 1.4 உள்ளே வந்துவிடும். 20 மி.மீ. கம்பியானால் வேண்டியது 40, இருப்பது 33, தொடக்கத்திலேயே 1.4. ஆகவே குறுகிய பீமில் மூலைக் கம்பிக்கு 1.4 சேர்த்தே கொடுப்பது என் வழக்கம். மூன்று கம்பியையும் ஒரே இடத்தில் லேப் செய்தால் இடைவெளி விதியும் உடைகிறது.

முறுக்குக் கம்பிக்குக் கொக்கியே வேண்டாம்னு ஒருத்தர், கண்டிப்பா போடணும்னு இன்னொருத்தர். யார் சொல்றது சரி?

இருவரும் பாதி சரி. வரிக் கம்பிக்கு நேராகவே முழுப் பிடிப்பு நீளம் கிடைத்தால் கொக்கி வேண்டாம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. மழமழ மைல்ட் ஸ்டீல் கம்பிக்கு இழுவிசையில் கொக்கி வழக்கமாகப் போட வேண்டும். பழைய வீடுகளில் ஸ்லாப் கம்பி முனையெல்லாம் கொக்கி போட்டிருப்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருகிறார்கள்.

வரிக் கம்பிக்குக் கொக்கியோ எல் மடிப்போ தேவைப்படுவது, நேர் நீளத்துக்கு இடம் இல்லாதபோது. கடைசிக் காலத்தில் முடியும் பீம் கம்பி, சிறிய ஃபுட்டிங் கம்பி, லிண்டலில் மடங்கும் சன்ஷேட் கம்பி போன்றவை. கணக்கு எளிது: ஒவ்வொரு 45 டிகிரி மடிப்புக்கும் விட்டத்தின் 4 மடங்கு பிடிப்பு மதிப்பு, அதிகபட்சம் 16 மடங்கு. ஆக 90 டிகிரி எல் மடிப்புக்கு 8 மடங்கு, 180 டிகிரி கொக்கிக்கு 16 மடங்கு. 16 மி.மீ. கம்பியில் முறையே 128, 256 மி.மீ. மொத்தத் தேவை 784 என்பதை மறக்க வேண்டாம். முனையில் ஒரு மடிப்பு போட்டுவிட்டால் பிடிப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் சைட்டில் நான் அதிகம் பார்க்கும் பிழை. மடிப்பு ஆறில் ஒரு பங்கைத்தான் தருகிறது.

அமுக்கு விசைக்குக் கொக்கியின் வளைவு எந்தக் கூடுதல் மதிப்பும் தராது. லேப்பின் நடுவில் கொக்கி போடுவதும் பொதுவாக இடத்தை அடைத்துக் கான்கிரீட் இறங்காமல் செய்யும்.

கடைசிக் காலம்ல பீம் மேல் கம்பியை எவ்வளவு கீழே மடக்கணும்? ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்க.

காலம் 300 × 450. பீம் 450 பக்கமாக வந்து சேர்கிறது. பீம் 230 × 450, மேல் கம்பி 16 மி.மீ. சென்னை, 2016 மண்டல வரைபடப்படி மூன்றாம் மண்டலம்; ஆகவே 13920 பொருந்தும். அதன்படி காலத்தின் உள்முகத்திலிருந்து, பிடிப்பு நீளத்தோடு விட்டத்தின் 10 மடங்கு கூட்டி, அதில் மடிப்பின் மதிப்பைக் கழித்த நீளம் வேண்டும்.

```
784 + 160 - 128 = 816 mm
```

காலத்துக்குள் எவ்வளவு நேராகப் போக முடியும்? 450-இல் மறுபக்கக் கவர் 40, காலம் ரிங் 8, காலம் கம்பி 16 போனால் 386 மீதி. மடிப்பின் உள் ஆரம் விட்டத்தின் 4 மடங்கு என்று வைத்தால் 64, கம்பி 16, ஆக 80 மடிப்புக்கே போகிறது. நேர்ப்பகுதி 306. மீதி 816 − 306 = 510 மி.மீ. மடிப்புக்குப் பிறகு கீழ்நோக்கி நேராக இறங்க வேண்டும். மடிப்பின் 80-ஐயும் சேர்த்தால், மேல் கம்பியின் மேல் விளிம்பிலிருந்து 590 மி.மீ. இறக்கம்.

பீம் ஆழமோ 450. மேலே கவரும் ஸ்டிரப்பும் 33. ஆகவே கம்பியின் கால் பீம் அடியையும் தாண்டி, கீழ்க் காலத்துக்குள் சுமார் 170 மி.மீ. போக வேண்டும். ஆனால் சைட்டில் என்ன நடக்கிறது? காலத்தைப் பீம் அடிமட்டம் வரை முன்பே கான்கிரீட் போட்டு இறுகியாயிற்று. கம்பி கட்டுகிறவர் காலைக் கீழே இறக்கப் பார்க்கிறார், பழைய கான்கிரீட்டில் முட்டுகிறது. வேறு வழியில்லாமல் 400-க்கு வெட்டிவிடுகிறார். மேலே நின்று பார்த்தால் எல் மடிப்பு அழகாக இருக்கும். குறைந்த நீளம் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு மூன்று வழி. காலம் கான்கிரீட்டைப் பீம் அடிக்கு 200 மி.மீ. கீழேயே நிறுத்திவிட்டு, மீதியைப் பீமோடு சேர்த்துப் போடலாம். அங்கே ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து கொத்திவிட வேண்டும். அல்லது பீம் ஆழத்தைக் கூட்டலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது: சிறிய கம்பிக்கு மாறுவது. 12 மி.மீ. என்றால் தேவை 588 + 120 − 96 = 612. நேர்ப்பகுதி 386 − 60 = 326; மடிப்புக்குப் பின் 286; மொத்த இறக்கம் 346. பீமுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மூன்று 16-க்குப் பதில் ஆறு 12 வேண்டியிருக்கும், 230 அகலத்தில் இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். பயன் ஆழம் சற்றுக் குறைவதால் டிசைனரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் பாருங்கள். மேல் கம்பி கீழ்நோக்கி, காலத்தின் வெளிப்பக்கக் கம்பிகளுக்கு உள்ளே இறங்க வேண்டும். காலத்தின் நடுவிலேயே மடக்கிவிட்டால் ஜாயின்ட்டின் பாதி அகலம் வீணாகிறது.

ஃபுட்டிங் கம்பி முனையை மேல்நோக்கி மடக்கணுமா?

கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங், 300 காலம் என்றால் காலம் முகத்திலிருந்து ஓரம் வரை 600. கவர் 50 போக 550 கிடைக்கும். எம்25-இல் 10 மி.மீ. கம்பிக்கு 490 போதும், மடிக்க வேண்டாம். எம்20-இல் 12 மி.மீ. என்றால் 684 வேண்டும். 550-இல் மடிப்புக்கு 60 போக நேர்ப்பகுதி 490, மடிப்பு மதிப்பு 96, மீதி 98. ஆக மடிப்புக்குப் பின் 100 மி.மீ. கால் நிற்க வேண்டும்.

ஸ்டிரப் கொக்கியும் இதே கணக்கா?

வேறு. நிலநடுக்க விதிப்படி 135 டிகிரி உள்நோக்கி மடக்கி, விட்டத்தின் 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. நீட்டம் வேண்டும். 90 டிகிரி மடிப்பு கவர் உதிர்ந்ததும் விரிந்துவிடும்.

லேப் குறைஞ்சு போச்சுன்னு இப்பத்தான் பார்த்தோம். என்ன செய்யலாம்?

கான்கிரீட் இன்னும் போடவில்லை என்றால் பிரச்சினையே இல்லை. அதே விட்டத்தில் ஒரு தனித் துண்டை, இரு கம்பியோடும் முழு லேப் கிடைக்கிற மாதிரிப் பக்கத்தில் வையுங்கள். 16 மி.மீ.க்கு இரு பக்கமும் 784, மொத்தம் 1.57 மீட்டர், மூலைக் கம்பி என்றால் 1.4 சேர்த்து 2.2 மீட்டர். அந்த நீளம் முழுக்க ஸ்டிரப்பை 150-க்குள் நெருக்குங்கள். துண்டு வந்த பிறகு கான்கிரீட் இறங்க இடம் இருக்கிறதா என்று கம்பி இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள்.

கான்கிரீட் போட்டாயிற்று என்றால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காலம் கம்பி குட்டையாகிவிட்டதா, அல்லது பீமுக்குள் புதைந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. நீட்டிக்கொண்டிருப்பது குட்டை என்றால் பழைய கான்கிரீட்டில் துளையிட்டு, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, எபாக்சி போன்ற கெமிக்கல் ஆங்கர் ஊற்றிப் புதுக் கம்பி நடலாம். துளை ஆழத்தை அந்த ரசாயனத்தின் அட்டவணைப்படி இன்ஜினியர் கணக்கிட வேண்டும், "அரையடி போதும்" என்று விடக் கூடாது. பீமுக்குள் புதைந்த லேப் குறை என்றால், முட்டு எடுத்த பிறகு பீம் அடியிலும் பக்கத்திலும் கம்பி ஓடும் கோட்டிலேயே நெடுக்கு விரிசல் வருகிறதா என்று பாருங்கள். குறுக்கே வரும் மயிரிழை விரிசல் பீமில் சகஜம்; கம்பியோடு ஓடும் விரிசல் சகஜமில்லை. அது தெரிந்தால் உடனே முட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு டிசைனரைக் கூப்பிடுங்கள். விரிசல் தெரியாவிட்டாலும், குறைந்த நீளத்துக்கு எவ்வளவு விசை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மேல் மாடி வேலையைத் தொடங்க வேண்டும்: 784-க்குப் பதில் 500 மி.மீ. இருந்தால், அந்தக் கம்பியை 64 சதவீதக் கம்பியாக மட்டுமே எண்ண முடியும்.